பட்டம் இங்கே, மதிப்பீடு பான் நகரில்

ஜெர்மனியில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ முயலும் தமிழ்நாட்டுப் பட்டதாரிகளில் பெரும்பாலானோர் முதலில் போய் நிற்கும் இணையதளம் anabin.kmk.org. முழுக்க ஜெர்மன் மொழியில் இருக்கும் தளம் அது. உலகின் பல நாடுகளின் பல்கலைக்கழகங்களும் பட்டங்களும் அதில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தேடல் பெட்டியில் தான் படித்த கல்லூரியின் பெயரைத் தட்டுகிறார் பட்டதாரி. ஒன்றும் வருவதில்லை. எழுத்துப் பிழையாக இருக்குமோ என்று மாற்றித் தட்டுகிறார். அப்போதும் வருவதில்லை. நான்கு ஆண்டு படித்து வாங்கிய பட்டம் அங்கே செல்லாது போலிருக்கிறது என்ற கலக்கத்தோடு அடுத்த நாள் ஒரு கன்சல்டன்சியின் படியேறுகிறார். அங்கே ‘மதிப்பீட்டுக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்’ என்று ஒரு தொகை சொல்கிறார்கள்.

பட்டத்தில் கோளாறு ஏதும் இருக்காது. தேடிய பெயர்தான் தவறு. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பகுதியினர் இணைப்புக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். பாடம் நடத்துவது கல்லூரி, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழின் உச்சியில் அச்சாகியிருப்பதும், அடியில் கையெழுத்தும் முத்திரையும் இடுவதும் அண்ணா பல்கலைக்கழகமாகவோ, பாரதியார் பல்கலைக்கழகமாகவோ, சென்னைப் பல்கலைக்கழகமாகவோ இருக்கும். ஜெர்மானியர்கள் பார்ப்பது அந்தப் பெயரைத்தான். கல்லூரி எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லையென்றால் அந்தப் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கே கற்பிப்பதும் பட்டம் தருவதும் ஒரே நிறுவனம்.

பட்ட இணைமதிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் விஷயத்துக்கு நாட்டுக்கு நாடு நடைமுறை வேறு. கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேற விண்ணப்பிப்பவர் அந்நாட்டு அரசு அங்கீகரித்த அமைப்பு ஒன்றிடம் கல்வி மதிப்பீட்டு அறிக்கை வாங்க வேண்டும். டபிள்யூ.இ.எஸ். என்ற பெயர் இங்கே பிரபலமானது அப்படித்தான். அந்த அறிக்கை வழங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குத்தான் குடியேற்றத் துறையிடம் செல்லும். அதே அறிக்கையை ஜெர்மன் தூதரகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே அதற்கு வேலை இல்லை. ஜெர்மனிக்கு அதன் சொந்த அமைப்பு இருக்கிறது. பான் நகரில் இயங்கும் அதன் பெயரை இசட்.ஏ.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். ஜெர்மனியின் பதினாறு மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் சேர்ந்து நடத்தும் மாநாட்டின் கீழ் இயங்கும் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகம் அது. anabin தளத்தை நடத்துவதும் அதுவே.

ஆகவே மதிப்பீட்டுக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். இந்தத் தாளைக் கேட்பது யார்? தூதரகமா, வேலை தரும் நிறுவனமா, பல்கலைக்கழகமா, தொழில் உரிமம் தரும் அதிகாரியா? ஜெர்மனியைப் பொறுத்தவரை இந்த நால்வரும் கேட்பது நான்கு வெவ்வேறு விஷயங்களை. ஒருவருக்காக வாங்கிய தாள் இன்னொருவரிடம் பெரும்பாலும் செல்வதில்லை. ஏமாற்றங்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். ஈரோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தார். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் பி.இ. முடித்தார். சி.ஜி.பி.ஏ. 7.2. சில ஆண்டுகள் ஓசூரில் வேலை பார்த்த பிறகு ஸ்டுட்கார்ட் நகரத்து நிறுவனம் ஒன்று அவருக்கு வேலை தர முன்வருகிறது. ப்ளூ கார்டு எனப்படும் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். ப்ளூ கார்டுக்கு ஜெர்மன் பட்டமோ, அதற்கு ஒப்பான வெளிநாட்டுப் பட்டமோ வேண்டும். ஒப்பானது என்று அவர் எப்படிக் காட்டுவது?

முதலில் anabin. அங்கே இரண்டு இடங்களில் தேட வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. Institutionen என்ற பகுதியில் நாடாக இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேட வேண்டும். பெயருக்கு எதிரே ஒரு குறி இருக்கும். H+ என்றால் அந்த நிறுவனத்தை ஜெர்மனி உயர்கல்வி நிறுவனமாக ஏற்கிறது. H- என்றால் ஏற்கவில்லை. H+/- என்றால் ஒட்டுமொத்தமாக முடிவு சொல்ல முடியாது, சில படிப்புகள் ஏற்கப்படும், சில ஏற்கப்படாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். இந்த H+/- குறியைப் பார்த்து ‘பிளஸ் இருக்கிறதே’ என்று நிம்மதி அடைபவர்களும் உண்டு, ‘மைனஸ் இருக்கிறதே’ என்று உடைந்துபோகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவசர முடிவு. அந்தப் பதிவைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். எந்தப் படிப்புக்கு என்ன நிலை என்று தெரிய அதைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது இடம் Hochschulabschlüsse என்ற பகுதி. இங்கே தேடுவது பட்டத்தை. இந்தியா, பி.இ., நான்காண்டு என்று பார்த்துப் போனால் அந்தப் பட்டம் ஜெர்மனியில் எதற்கு நிகர் என்று தெரியும். entspricht அல்லது gleichwertig என்று இருந்தால் ஜெர்மன் பட்டத்தோடு ஒத்துப்போகிறது என்று கொள்ளலாம். இரண்டில் எது இருந்தாலும் விசாவுக்குப் போதும். bedingt vergleichbar என்று இருந்தால் நிபந்தனையோடு கூடிய ஒப்பீடு, அதாவது அந்தப் பக்கத்தை மட்டும் காட்டிக் காரியம் ஆகாது.

நிறுவனம் H+, பட்டம் முதல் இரண்டு நிலைகளில் ஒன்று என்றால் வேலை ஏறக்குறைய முடிந்தது. இரண்டு பக்கங்களையும் பி.டி.எஃப். ஆக எடுத்து அச்சிட்டு, பட்டச் சான்றிதழோடு விசா விண்ணப்பத்தில் வைத்துவிடலாம். ஒரு பைசா செலவில்லை. கன்சல்டன்சிகள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தரும் ‘மதிப்பீடு’ பல நேரங்களில் இந்த இரண்டு அச்சுப் பக்கங்கள்தான் என்பதைப் பட்டதாரிகள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பலர் இரண்டில் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் H+ என்று கண்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நல்ல பல்கலைக்கழகம் கூடப் பட்டத்தோடு டிப்ளமோ, சர்டிபிகேட் எனப் பல படிப்புகளை நடத்துகிறது. நிறுவனத்தின் தகுதி அது தரும் ஒவ்வொரு தாளுக்கும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. மறுபக்கம், ‘பி.எஸ்சி.’ என்ற பட்டத்துக்கு நல்ல குறிப்பு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதைக் கொடுத்த நிறுவனம் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனிக்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாண்டுப் பட்டம் படித்தவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு பயம் உண்டு. அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் என்பது வழக்கமாகிவிட்டதால் நம் பி.எஸ்சி., பி.காம். அங்கே குறைவாக எடைபோடப்படுகின்றன என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. அதே பேச்சை ஜெர்மனிக்கும் பொருத்திவிடுகிறார்கள். ஜெர்மனியின் சொந்த பேச்சலர் பட்டமே பெரும்பாலும் மூன்றாண்டுதான், 180 கிரெடிட். ஆக மூன்றாண்டு என்ற ஒரே காரணத்துக்காக அங்கே கதவு மூடுவதில்லை. ஆனால் முதுகலையில் சேரும்போது அந்தத் துறை கேட்கும் பாடங்களில் போதுமான அளவு படித்திருக்கிறாரா என்று பல்கலைக்கழகம் பார்க்கும். அது வேறு கணக்கு, anabin தளத்தில் கிடைக்காத கணக்கு.

நம் ஈரோட்டு இளைஞருக்கு anabin-இல் நிறுவனமும் பட்டமும் சரியாகக் கிடைத்துவிட்டால் அவர் இங்கேயே நின்றுகொள்ளலாம். கிடைக்காவிட்டால்? பல்கலைக்கழகம் புதியது என்பதால் பட்டியலில் ஏறாமல் இருக்கலாம். பட்டத்தின் பெயர் சற்றே வித்தியாசமாக இருந்து சரியான பதிவு அமையாமல் போகலாம். பட்டியலில் இல்லை என்றால் ஏற்கவில்லை என்று பொருள் இல்லை. இதுவரை யாரும் அதை ஆராயவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அப்போதுதான் இசட்.ஏ.பி.யிடம் நேரடியாக, தனி ஆளாக மதிப்பீடு கேட்க வேண்டும். ஜெர்மன் மொழியில் அதன் பெயர் ட்சாய்க்னிஸ்பெவெர்டுங். தமிழில் சொல்வதென்றால் சான்றிதழ் மதிப்பீடு.

இதற்குக் கட்டணம் முதல் பட்டத்துக்கு 208 யூரோ என்பது அண்மைக் கால நிலவரம். விண்ணப்பம் இணையவழியில். ஆவணங்கள் முழுமையாகச் சேர்ந்த பிறகு சாதாரணமாக மூன்று மாதம் வரை ஆகும். ப்ளூ கார்டுக்காக, வேலை ஒப்பந்தத்தைக் காட்டி விண்ணப்பித்தால் இரண்டு வாரங்களில் முடிக்க முயல்கிறார்கள். இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. வேலை கையில் இல்லாமல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வதா, வேலை கிடைத்தபின் விரைவாக வாங்குவதா என்று முடிவு செய்ய இது உதவும். ஆனால் எந்த நாட்கணக்கும் ‘ஆவணங்கள் முழுமையான நாளிலிருந்து’தான் ஓடும். ஒரு மதிப்பெண் பட்டியல் குறைந்தாலும் கடிகாரம் நின்றுவிடும்.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கே உரிய சில முடிச்சுகள் வருகின்றன.

லேட்டரல் என்ட்ரியில் சேர்ந்தவரின் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல் மூன்றாம் செமஸ்டரிலிருந்து தொடங்கும். இந்திய நடைமுறை தெரியாத ஒருவர் பார்த்தால் முதல் இரண்டு செமஸ்டர் காணாமல் போனது போலத் தெரியும். நான்காண்டுப் பட்டம் என்று சொல்கிறார், ஆனால் மூன்றாண்டு மதிப்பெண்தான் வைத்திருக்கிறாரே என்று கேள்வி வரும். நம் இளைஞர் என்ன செய்ய வேண்டும்? பாலிடெக்னிக் டிப்ளமோ சான்றிதழையும் அதன் எல்லா மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். டிப்ளமோ முடித்தவர்களை இரண்டாம் ஆண்டில் சேர்ப்பது இங்கே வழக்கமான முறை என்பதைப் பல்கலைக்கழகத்திடமோ கல்லூரியிடமோ கடிதமாக வாங்கி உடன் வைத்தால் பின்னால் எழும் கடிதப் போக்குவரத்து குறையும். பத்தாண்டுக்கு முன் டிப்ளமோ முடித்தவருக்கு அந்தப் பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுப்பதே பெரிய வேலை. அதனால் இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும்.

அடுத்தது பெயர். தமிழர்களுக்கு இந்தப் பெயர்ச் சிக்கல் வேறு யாரையும் விட அதிகம் என்று தோன்றுகிறது. பட்டச் சான்றிதழில் ‘சரவணன் மு.’ என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘மு. சரவணன்’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தந்தையின் பெயர் ஏறியிருக்கும். கொஞ்சம் எழுத்துக்கூட்டல் வேறுபாடும் சேர்ந்திருக்கும். குடும்பப் பெயர் இல்லாத ஒரு சமூகத்தின் சான்றிதழை, குடும்பப் பெயர் இல்லாமல் ஒரு படிவத்தையும் நிரப்ப முடியாத ஒரு நாட்டின் அலுவலர் படிக்கிறார். அவருக்கு இந்த இரு பெயரும் ஒருவருடையதா என்பது நியாயமான கேள்வி.

பெயர் வேறுபட்டால் அதற்கான ஆதாரம் கேட்பது வழக்கம். திருமணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்களுக்குத் திருமணச் சான்றிதழ் போதும். இனிஷியல் விவகாரத்துக்கு அப்படி ஒரு சான்றிதழ் இல்லை. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சாகியிருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலை முதல் பக்கத்தோடு சேர்த்து அனுப்பினால் ‘மு.’ என்பது எதன் சுருக்கம் என்று அலுவலருக்குத் தெரிந்துவிடும். எழுத்துக்கூட்டலும் வேறாக இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தயாரித்து வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் வேளை நெருங்கியிருந்தால், பட்டச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலையே அதில் வரவழைக்க முயல்வது இன்னும் நல்ல வழி.

மூன்றாவது, ப்ரொவிஷனல் சான்றிதழ். வேலைக்குப் போகும் அவசரத்தில் பட்டமளிப்பு விழாச் சான்றிதழை வாங்காமலே ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் நிறைய. இங்கே உள்ள நிறுவனங்கள் ப்ரொவிஷனலைப் பார்த்தே வேலை கொடுத்துவிடுவதால் அதன் அவசியம் தெரிவதில்லை. வெளிநாட்டு மதிப்பீட்டில் பட்டச் சான்றிதழ்தான் அடிப்படை ஆவணம். அது கையில் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டு, பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக அலைவது வீண் சிரமம்.

வேலையை விட்டு மேற்படிப்பு என்று வந்தால் கதை வேறு. நம் இளைஞர் வேலைக்குப் பதிலாக ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர விரும்பினால், முதலில் ஏ.பி.எஸ். சான்றிதழ் வாங்க வேண்டும். ஜெர்மன் தூதரகத்தைச் சார்ந்து டெல்லியில் இயங்கும் இந்தப் பிரிவு, இந்தியர்களின் கல்விச் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்க்கிறது. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர் விசாவுக்கு இது கட்டாயம், சில விலக்குகள் உண்டு. கட்டணம் 18,000 ரூபாய். ஏ.பி.எஸ். சொல்வது சான்றிதழ் உண்மை என்பதை. உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு நிகர் என்று அது தீர்ப்பளிப்பதில்லை. அதேபோல் இசட்.ஏ.பி.யின் மதிப்பீட்டை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகத்திடம் ‘எனக்கு இடம் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. சேர்க்கையைப் பல்கலைக்கழகம் தானே முடிவு செய்கிறது. பல பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்னால் சான்றிதழ்களைப் பரிசீலிக்க பெர்லினில் உள்ள யூனி-அசிஸ்ட் அமைப்பைப் பயன்படுத்துகின்றன. அண்மை நிலவரப்படி ஒரு செமஸ்டருக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, கூடுதலான ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ.

மேற்படிப்பில் மாணவர்களை அதிகம் வாட்டுவது மதிப்பெண் மாற்றம். ஜெர்மனியில் 1.0 என்பது மிக உயர்ந்த மதிப்பு, 4.0 என்பது தேர்ச்சியின் விளிம்பு. எண் குறையக் குறைய நல்லது. நம் 10 புள்ளி முறையை அந்த முறைக்குக் கொண்டுவர, திருத்தப்பட்ட பவேரிய சூத்திரம் என்று அழைக்கப்படும் ஒரு கணக்கைப் போடுகிறார்கள்.

```
1 + 3 × (Nmax − Nd) ÷ (Nmax − Nmin)
```

இதில் Nmax என்பது எட்டக்கூடிய அதிகபட்ச மதிப்பெண், Nmin என்பது தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்சம், Nd என்பது மாணவர் பெற்றது. நம் இளைஞர் பெற்றது 7.2. அதிகபட்சம் 10. தேர்ச்சி எல்லை 5 என்று எடுத்தால்: பத்திலிருந்து 7.2 போக 2.8, அதை மூன்றால் பெருக்கினால் 8.4, ஐந்தால் வகுத்தால் 1.68, ஒன்றைக் கூட்டினால் 2.68. இப்போது அதே 7.2-ஐ, தேர்ச்சி எல்லை 4 உள்ள பல்கலைக்கழகத்தில் அவர் பெற்றிருந்தார் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். 8.4-ஐ ஆறால் வகுக்க 1.4, ஒன்றைக் கூட்ட 2.4.

ஒரே மதிப்பெண் ஓரிடத்தில் 2.68, இன்னோரிடத்தில் 2.4. பல முதுகலைப் படிப்புகளில் 2.5 என்ற எல்லை வைத்திருக்கிறார்கள். ஆக தேர்ச்சி எல்லை 5 என்றால் அந்தக் கோட்டைத் தொட 7.5 தேவை, 4 என்றால் 7.0 போதும். அரைப் புள்ளி வித்தியாசத்தில் ஒரு விண்ணப்பம் உள்ளே போவதும் வெளியே நிற்பதும் தீர்மானமாகிவிடுகிறது. இதில் மாணவர் செய்யக்கூடியது என்ன? தேர்ச்சி எல்லையை அவர் மாற்ற முடியாது. ஆனால் அது எது என்று பல்கலைக்கழகமே தெளிவாகச் சொல்லும்படி பார்த்துக்கொள்ளலாம். பல டிரான்ஸ்கிரிப்டுகளின் பின்பக்கத்தில் மதிப்பீட்டு முறை அச்சாகியிருக்கும். ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். முறை தெரியாத பரிசீலகர் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவார் என்பது பிறகு மாணவர் கையில் இல்லை. பின்பக்கத்தில் அந்த விளக்கம் இல்லையென்றால், அதிகபட்சப் புள்ளி, தேர்ச்சிப் புள்ளி இரண்டையும் குறிப்பிடும் கடிதம் ஒன்றைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கேட்டு வாங்குவது மிகவும் பயன்படும்.

விண்ணப்பிக்கும் முன் இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட வேண்டும். கணக்கு 2.9 என்று வரும்போது 2.5 கேட்கும் பத்துப் படிப்புகளுக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. எல்லை வைக்காத, அல்லது பணி அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும் படிப்புகளைத் தேடுவதில் அந்த நேரத்தைச் செலவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் மெக்கானிக்கல், மென்பொருள், கணக்கியல், ஆராய்ச்சி போன்ற துறைகளுக்கு. அவற்றில் வேலை செய்ய ஜெர்மனியில் தனி உரிமம் தேவையில்லை. செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர், பல் மருத்துவர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்ற தொழில்கள் வேறு வகை. அங்கே இசட்.ஏ.பி.யின் தாளுக்குப் பணம் கட்டுவது வீண். அந்தந்த மாநிலத்தில் அந்தத் தொழிலுக்கு உரிமம் தரும் அதிகாரியிடம்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்த ஒருவரை எடுத்துக்கொண்டால், அவர் படித்த பாடநேரத்தையும் வார்டுகளில் செய்த பயிற்சி நேரத்தையும் ஜெர்மன் பயிற்சியோடு மணிக்கணக்கில் ஒப்பிடுகிறார்கள். குறை இருந்தால் எந்தெந்தப் பகுதியில் குறை என்று எழுதி ஓர் அறிவிப்பு தருகிறார்கள். அதன் பிறகு ஜெர்மனியில் தழுவல் பயிற்சி எடுப்பதா, அல்லது அறிவுத் தேர்வு எழுதுவதா என்று அவர் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஒப்பீட்டுக்கு வெறும் மதிப்பெண் பட்டியல் போதாது. கல்லூரியில் படித்த பாடத்திட்டமும், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்ற விவரமும் வேண்டும். ஜெர்மன் மொழிக்கு உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரால் பெயர்க்கப்பட்ட ஆவணங்களும் வேண்டும். படித்து முடித்துப் பத்து ஆண்டு கழிந்து, கல்லூரி நிர்வாகம் மாறிய பின் அந்த மணிக்கணக்குச் சான்றிதழைக் கேட்டு நிற்பவர்களின் சிரமம் பெரிது. கடைசி ஆண்டு படிக்கும்போதே அதைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வைத்துவிடுகிறவர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

ஒரே தொழிலை ஒரு மாநிலம் ஒரு விதமாகவும் இன்னொரு மாநிலம் வேறு விதமாகவும் கையாள்வது ஜெர்மனியின் கூட்டாட்சி அமைப்பில் இயல்பு. அதனால் வேலை தரும் மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகே உரிமத்துக்கான விண்ணப்பத்தைத் தொடங்குவது சரி.

நம் ஈரோட்டு இளைஞரிடம் திரும்பி வரலாம். அவர் anabin-இல் இரண்டு பக்கங்களையும் எடுத்துவிட்டார், பாலிடெக்னிக் மதிப்பெண் பட்டியல்களைத் தேடி எடுத்துவிட்டார், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் நகல் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விசா வந்து ஸ்டுட்கார்டில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே அவருக்கு இன்னொரு விஷயம் தெரியவரும். ஜெர்மனியில் ‘இங்கெனியூர்’ என்ற பட்டப்பெயரைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வது மாநிலச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உரிமை. அவர் பொறியாளராக வேலை செய்ய எந்தத் தடையும் இல்லை, சம்பளத்திலும் குறையில்லை. ஆனால் அந்தப் பட்டப்பெயரை விசிட்டிங் கார்டில் அச்சிட வேண்டுமானால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலப் பொறியாளர் சங்கத்திடம் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். விசாவுக்குக் காட்டிய anabin அச்சுப் பக்கங்கள் அந்த அனுமதிக்கு மாற்றாகாது. அங்கே மறுபடியும் பட்டச் சான்றிதழும் முழு மதிப்பெண் பட்டியலும் மொழிபெயர்ப்போடு கேட்பார்கள். அதனால் ஊரிலிருந்து கிளம்பும்போது அசல்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சான்றளித்த நகல்களின் ஒரு செட்டை வீட்டில் விட்டுச் செல்வது வசதியாக இருக்கும். ஏதாவது தொலைந்தாலோ, பல்கலைக்கழகத்தில் மறுபடி ஒரு கடிதம் வாங்க வேண்டி வந்தாலோ, வீட்டில் இருப்பவர் அந்த நகல்களைக் கையில் எடுத்துக்கொண்டு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக முடியும்.